பட்டியலில் ஏறிய பெயர்

கேள்வி: ஐ.நா. பாதுகாப்புச் சபை தனிநபர் மீது தடை விதிப்பது தவறு என்றால், குறைதீர்ப்பாளரிடம் மனு கொடுத்து வெளியே வந்துவிடலாமே? நியாயம் இல்லை என்று ஏன் இத்தனை கூச்சல்?

பதில்: தடைப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கோரும் மனுக்களை ஆராயும் அந்தக் குறைதீர்ப்பாளர் பதவியே 2009 டிசம்பரில்தான் உருவானது. அதற்கு முன் பெயர் ஏறியவர் என்ன ஆனார் என்பதற்கு எகிப்தில் பிறந்த தொழிலதிபர் யூசுஃப் நாடாவின் வழக்கைப் பாருங்கள்.

அல் காய்தாவுக்கு உதவியதாக 2001 நவம்பரில் அவர் பெயர் பட்டியலில் ஏறியது. பயணத்தடையும் சேர்ந்தது. அவர் குடியிருந்ததோ கம்பியோனே. இத்தாலிக்குச் சொந்தமான இந்த ஊரின் பரப்பு 1.6 சதுர கிலோமீட்டர்தான். சுற்றிலும் சுவிட்சர்லாந்து. சுவிஸ் மண்ணை மிதிக்காமல் இத்தாலியின் மற்ற பகுதிக்குப் போக வழியில்லை. எழுபது வயதைத் தாண்டியவர், சிகிச்சைக்காகக் கேட்டபோதும் சுவிஸ் அதிகாரிகள் அனுமதி மறுத்தார்கள். 2005 மே மாதம் சுவிஸ் புலனாய்வாளர்கள் குற்றத்துக்கு ஆதாரமில்லை என்று விசாரணையையே மூடிவிட்டார்கள். ஆனாலும் பெயர் நீங்கியது 2009 செப்டம்பரில்தான்! நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஏன் இழுத்தது? ஏற்றுவதற்கும் நீக்குவதற்கும், பாதுகாப்புச் சபையின் உறுப்பு நாடுகளே அமர்ந்திருக்கும் தடைக்குழுவின் 15 நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஏற்றும்போது, குறித்த நாட்களுக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டாலே போதும், மௌனமே சம்மதம். நீக்கும்போதோ ஒரே ஒரு நாடு ஆட்சேபித்தாலும் மனு செத்துவிடும். 2012-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சுவிட்சர்லாந்து அவருடைய உரிமையை மீறியது என்றே தீர்ப்பளித்தது.

நிலைமையை நிஜமாக மாற்றியது 2011 ஜூனில் வந்த 1989-ஆம் எண் தீர்மானம். குறைதீர்ப்பாளர் நான்கு மாதம் தகவல் திரட்டுவார், இரண்டு மாதம் மனுதாரரோடு பேசுவார். தேவைப்பட்டால் இரண்டு காலமும் நீளும். பிறகு 'நீக்கலாம்' என்று பரிந்துரைத்தால், குழு அதை ஆராய்ந்து முடித்த 60 நாளில் பெயர் தானாகவே நீங்கும். தடுக்க வேண்டுமானால் 15 நாடுகளும் ஒருமித்து 'வைத்திரு' என்று சொல்ல வேண்டும், அல்லது ஒரு நாடு விவகாரத்தைப் பாதுகாப்புச் சபைக்கே கொண்டுபோக வேண்டும். சுமை தலைகீழாக மாறியது என்பது இதுதான்.

குறை இன்னும் இருக்கிறது. குற்றச்சாட்டுக்கு அடிப்படையான உளவுத் தகவலை ஒரு நாடு குறைதீர்ப்பாளரிடம் காட்டாமல் இருந்துவிடலாம். கட்டாயப்படுத்த அவரால் முடியாது. அதைவிடப் பெரியது, இந்த வழி அல் காய்தா, ஐ.எஸ். பட்டியலுக்கு மட்டுமே. தாலிபான், வட கொரியா, காங்கோ தொடர்பாகப் பெயர் ஏறியவர்கள் குறைதீர்ப்பாளரிடம் போகவே முடியாது. அவர்களின் மனுவை வாங்குவது 2006-இல் ஏற்பட்ட ஐ.நா. தொடர்பு அலுவலகம். 60 நாள் கெடு வைக்கும் பரிந்துரை அதன் கையில் இல்லை. நாடாவை வருடக்கணக்கில் முடக்கிய அதே ஒற்றை நாட்டு மறுப்பு, அந்தப் பட்டியல்களில் இன்றும் செல்லும்.