விபரம் தராமல் கேட்கப்படும் பரிந்துரைக் கடிதம்

வணக்கம் சேர்,

கிளிநொச்சியில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். போன வருசம் சோதனை எடுத்த பிள்ளை ஒருத்தி, “மிஸ், நாளைக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வேணும்” என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். என்ன படிப்பு, எந்த நிறுவனம் என்று ஒன்றும் இல்லை. போனும் எடுக்கிறாள் இல்லை. நான் எதை எழுதுவது?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

எங்கள் அரச பல்கலைக்கழகங்களின் வழமையான அனுமதி இஸட் புள்ளியில் நடக்கிறது. அங்கே ஆசிரியரின் கடிதம் கேட்பதில்லை. ஆகவே தனியார் நிறுவனமோ, வெளிநாடோ, புலமைப்பரிசிலோ என்று மட்டும் நினைக்கலாம். அதற்கு மேல் ஊகித்து “மருத்துவத் துறைக்கு ஏற்றவர்” என்று எழுதிவிடாதீர்கள். அவள் கணக்கியலுக்கு விண்ணப்பித்திருந்தால் அந்த ஒரு வரியே அவளுக்குப் பாதகமாகும்.

எழுத முன்னர் புள்ளிப் பதிவேட்டையும் அவளுடைய செய்முறைக் கொப்பி கிடைத்தால் அதையும் எடுத்து வையுங்கள். முதற் பந்தியில் எத்தனை வருடம், எந்தப் பாடம், எத்தனை பேர் கொண்ட வகுப்பு என்பது போதும். அடுத்த பந்திதான் கடிதத்தின் உயிர். இப்படி அமையலாம்:

“முதலாம் தவணையில் 48 புள்ளி பெற்றவர், மூன்றாம் தவணையில் 71 பெற்றார். பிழைத்த வினாக்களை ஒவ்வொரு முறையும் திரும்ப எழுதிக் கொண்டுவந்து காட்டினார். வெங்காய உரியின் கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் செய்முறையில் தெளிவாகத் தெரியாதபோது, புத்தகத்தைப் பார்த்து வரையாமல் புதிய வழுக்கி தயாரித்தார்.”

பிழையை ஒத்துக்கொண்டு திருத்துகிறவள் என்பது இதில் தானாகத் தெரியும். கணக்கியலுக்கும் தாதியர் பயிற்சிக்கும் அது பொருந்தும். “ஒழுக்கமானவர், கெட்டிக்காரி” என்பதெல்லாம் அதிபரின் நற்சான்றிதழிலேயே இருக்கும். பதிவேட்டில் இல்லாத புள்ளியை நினைவிலிருந்து போடாதீர்கள்.

வன்னிப் பிள்ளைகளுக்கு எழுதும்போது இடப்பெயர்வையும் இழப்பையும் இரக்கத்தோடு சேர்த்துவிடுகிறோம். அவள் கேட்காமல் அதை எழுத வேண்டாம். தன் வீட்டுக் கதையை யாரிடம் சொல்வது என்பது அவளுடைய உரிமை.

நிறுவனம் தெரியாததால் வரும் பெரிய சிக்கல், கடிதம் போய்ச்சேரும் வழி. பல வெளிநாட்டு நிறுவனங்கள் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கே இணைப்பு அனுப்பிக் கேட்கும். மாணவி கையில் கொண்டுபோகும் கடிதத்தை ஏற்காது. பிரித்தானியாவின் பல்கலைக்கழக விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியாக என்றால், 2024 அனுமதியிலிருந்து பரிந்துரையை மூன்று பகுதிகளாக அவர்களின் படிவத்திலேயே நிரப்ப வேண்டும். அப்போது நீங்கள் ஒப்பமிட்ட தாள் பயன்படாது, அதில் எழுதிய விடயம் பயன்படும்.

அதனால் இன்றைக்கே ஒரு குறுஞ்செய்தி போடுங்கள்: படிப்பின் பெயர், நிறுவனம், கடிதம் உன்னிடமா நேரே அவர்களுக்கா, எந்த மொழியில், கடைசித் திகதி, கடவுச்சீட்டில் உள்ளபடி உன் முழுப்பெயர். முதலெழுத்தும் பெயரும் மாறிக் கிடந்தால் கடிதம் வேறொருவருடையது போலத் தெரியும். பதில் வந்தால், அந்தப் படிப்புக்கு உங்கள் அவதானம் எப்படிப் பொருந்துகிறது என்று கடைசியில் இரண்டு வரி சேருங்கள். வராவிட்டால் “சம்பந்தப்பட்டவர்களுக்கு” என்று விலாசமிட்டு, திகதியும் உங்கள் பதவியும் தொடர்பு இலக்கமும் போட்டு, மேலே உள்ள அளவோடு ஒப்பமிடுங்கள்.