அம்மாவுக்கு அவள் என் தோழி மட்டும்தான்

அன்புள்ள மேடம்,

எனக்கு 30 வயது. சொந்த ஊர் கரூர் பக்கம். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நானும் இன்னொரு பெண்ணும் ஆறு வருடமாகக் காதலித்தோம். ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஊருக்கெல்லாம் நாங்கள் ரூம்மேட். எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு அவள் வருவாள், அவள் வீட்டு விசேஷத்துக்கு நான் போவேன். போன மாதம், வீட்டில் பார்த்த மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்லிவிட்டதாகச் சொல்லி அழுதாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். ஆவணியில் கல்யாணம்.

பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. "நீதாம்மா பொண்ணு கூடவே நிக்கணும்" என்று அவள் அம்மா போனில் சொன்னார். என் அம்மா எனக்குப் பட்டுப்புடவை எடுக்கலாமா என்று கேட்கிறார். "அவளுக்கு முடிஞ்சிடுச்சு, அடுத்தது நீதான்" என்கிறார். ஆபீசில் சிரித்துவிட்டு பாத்ரூமில் போய் அழுகிறேன். ராத்திரி தூக்கம் வராமல் அவளுக்கே போன் செய்கிறேன். அவளும் பேசுகிறாள். மறுநாள் இன்னும் மோசமாக இருக்கிறது. சில நாள் விடியாமலே போய்விட்டால் தேவலை என்று தோன்றுகிறது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

- பெயர் வேண்டாம், சென்னை

அன்புள்ள சகோதரி,

விடியாமல் போனால் தேவலை என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பற்றிப் பேசிவிடுகிறேன். பெரிய இழப்பில் இந்த நினைப்பு பலருக்கு வருகிறது. ஆனால் அது "எப்படிச் செய்துகொள்ளலாம்" என்ற யோசனையாக மாறினால் ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசின் இலவச சேவை, நாள் முழுக்க இயங்குவது, தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இருக்கும் ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. "நெருக்கமான ஒருவரைப் பிரிந்துவிட்டேன், வாழப் பிடிக்கவில்லை" என்றாலே போதும். அது ஆணா பெண்ணா என்று விளக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அந்த மாதிரி ராத்திரியில் அந்த வீட்டில் தனியாகவும் இருக்காதீர்கள். காய்ச்சலாக இருக்கிறது என்று சொல்லியாவது யாராவது ஒருவர் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள்.

இனி மற்றதைப் பார்ப்போம்.

கென்னத் டோகா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1989-இல் உங்களுடையதைப் போன்ற துயரத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் அங்கீகாரமற்ற துக்கம் என்று சொல்லலாம். சுற்றியிருப்பவர்கள் ஒரு உறவை உறவாகவே எண்ணாதபோது, அதன் இழப்பையும் இழப்பாக எண்ணுவதில்லை. விவாகரத்து ஆன பெண்ணிடம் நாலு பேர் வந்து விசாரிப்பார்கள், திட்டவாவது செய்வார்கள். உங்களிடம் பட்டுப்புடவை எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். துக்கத்தைச் சுமப்பது ஒரு வேலை, அது இல்லாதது போல நடந்துகொள்வது இன்னொரு வேலை. இரண்டையும் பகல் முழுக்கச் செய்துவிட்டு வருவதால்தான் உடம்பு இப்படி ஓய்ந்துபோகிறது. நீங்கள் பலவீனமானவர் என்று அதற்கு அர்த்தமில்லை.

உங்கள் நிலைமையில் இதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. அந்த ஆறு வருடம் நிஜமாகவே நடந்தது என்று அறிந்தவர் உலகத்தில் உங்கள் காதலி ஒருவர்தான். அதனால் காதலியை இழந்த அதே நாளில், அந்த இழப்பைச் சொல்லி அழக்கூடிய ஒரே ஆளையும் இழந்துவிட்டீர்கள். ராத்திரியில் கை தானாகப் போனுக்குப் போவது இதனால்தான். காயப்படுத்தியவரிடமே ஆறுதல் கேட்கும்படி ஆகிவிட்டது. பேசும்போது எல்லாம் பழையபடி இருக்கிறது. போனை வைத்ததும் பிரிவு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. மறுநாள் மோசமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

அந்தப் போனை நிறுத்த வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் இன்றைக்கே வெட்டிவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். ஒரு கடைசிப் பேச்சு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரியில் வேண்டாம், பகலில். அதில் காதலைப் பேசாமல் காரியத்தை மட்டும் பேசுங்கள். வீட்டு அட்வான்ஸ் பணம் யாருக்கு எவ்வளவு, மிச்சமிருக்கும் சாமான்களை என்ன செய்வது, இரண்டு பேர் போனிலும் இருக்கும் படங்களையும் மெசேஜ்களையும் எப்படிப் பத்திரப்படுத்துவது, ஏன் பேசுவதில்லை என்று இரண்டு வீட்டாரும் கேட்டால் இருவரும் சொல்லப்போகும் ஒரே பதில் என்ன. இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். நீங்கள் ஒன்றும் அவர் ஒன்றும் சொன்னால், சந்தேகம் அங்கேதான் முளைக்கும். அப்புறம் இன்ன தேதி வரை தொடர்பு வேண்டாம் என்று சொல்லி முடித்துக்கொள்ளுங்கள். கல்யாணம் முடிந்து சில மாதமாவது போகட்டும். அவருடைய போனை இனி வேறு கைகளும் எடுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

போனை நிறுத்தினால் அந்த இடம் காலியாகும். அங்கே இன்னொரு ஆள் வந்தாக வேண்டும். எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை, ஒரே ஒருவர் போதும். அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்க நான் பார்க்கச் சொல்வது இதுதான்: மற்றவர்களின் ரகசியத்தை அவர் உங்களிடம் எப்படிப் பேசுகிறார்? அடுத்தவர் கதையைச் சுவையாகச் சொல்பவர் உங்கள் கதையையும் சொல்வார். ஓரளவு நம்பிக்கை வந்தவரிடம் முதலில் பொதுவாகப் பேசிப் பாருங்கள். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மனமொத்து உறவு கொள்வதை அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவின் கீழ் குற்றமாக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னதல்லவா, அதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் பேச்சை மாற்றிக்கொள்ளலாம், உங்களுக்கு நஷ்டமில்லை. சொல்லும்போது உங்களைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். உங்கள் காதலியின் பெயரோ ஊரோ வேண்டாம். எவ்வளவு கோபம் இருந்தாலும் அவர் ரகசியம் அவருடையது.

அப்படி ஒருவரும் இல்லையென்றால் ஆலோசகரிடம் போங்கள். போகுமுன் போனில் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "நான் ஒரு பெண்ணைக் காதலித்துப் பிரிந்திருக்கிறேன். என்னை மாற்ற முயல்வீர்களா?" "மாத்திடலாம்மா" என்றோ "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றோ பதில் வந்தால் வைத்துவிடுங்கள். இப்படி மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைக்கு 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை சொன்னார். அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையம், மருத்துவர்கள் அதைச் செய்வது தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. நீங்கள் சொல்வது வெளியே போகாமல் இருக்க 2017-ஆம் வருட மனநலச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நேரங்களில் மட்டும் அதற்கு விலக்கு உண்டு. சென்னையிலேயே உங்களைப் போன்றவர்களுக்கான ஓரினம் என்ற குழு 2003 முதல் இயங்குகிறது. orinam.net தளத்தில் தமிழிலும் படிக்கக் கிடைக்கும்.

வீட்டிலும் ஆபீசிலும் என்ன சொல்வது என்ற கவலை இருக்கும். மாமா இறந்துவிட்டார் என்பது போன்ற பொய் வேண்டாம். எந்த மாமா, எப்போது காரியம் என்று அது வளர்ந்துகொண்டே போகும். உண்மையில் பாதியைச் சொல்லுங்கள். அம்மாவிடம், "எங்களுக்குள்ள ஒரு மனவருத்தம்மா, ஆறுறதுக்கு நாளாகும், இப்போ கேக்காதீங்க." ஆபீசில், "சொந்த விஷயத்துல ஒரு பெரிய கஷ்டம், ரெண்டு மூணு நாள் லீவு வேணும்." இரண்டுமே உண்மை. முகம் வாடியிருப்பதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுவதால், சிரித்து நடிக்கும் வேலை பாதியாகக் குறையும்.

கல்யாணத்துக்குப் போகலாமா என்பதற்கு, என்னிடம் வந்த ஒருவருக்கு நடந்ததை அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். அவருக்கும் இதே மாதிரி மணப்பெண்ணுடன் நிற்கும் இடம் கொடுத்தார்கள். போகாவிட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று முதல் நாள் ராத்திரியே மண்டபத்துக்குப் போய்விட்டார். விடியற்காலையில் தலைபின்னிப் பூவைத்துவிட்டதும் அவர்தான். முகூர்த்த நேரத்தில் மூச்சு முட்டி, மேடையிலிருந்து இறங்கிப் பின்பக்கம் ஓடினார். உறவுக்காரப் பெண்கள் பின்னாலேயே வந்து என்னவென்று கேட்டார்கள். எது வெளியே தெரியக்கூடாது என்று போனாரோ, போனதாலேயே அது தெரியும் நிலைக்கு வந்தது. அதே ஆள் வேறொரு தோழியின் கல்யாணத்தில், ரிசப்ஷனுக்கு மட்டும், விஷயம் தெரிந்த ஒருவருடன் போய், கவரைக் கொடுத்துவிட்டுப் பந்திக்குக்கூட உட்காராமல் கிளம்பிவிட்டார். அதை அவரால் தாங்க முடிந்தது.

நீங்கள் போகாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். அம்மா போய்வரட்டும், மொய்யை அவரிடம் கொடுத்தனுப்புங்கள். கூடவே நிற்க முடியாது என்பதை அவள் அம்மாவிடம் இப்போதே, "அந்த வாரம் என்னால வர முடியாதும்மா" என்று சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள், கடைசி நாளில் சொன்னால்தான் கேள்வி வரும். முகூர்த்த நாளன்று வீட்டில் தனியாக இருக்க வேண்டாம். அன்றைக்குப் போன் முழுக்கக் கல்யாணப் படம்தான் வரும் என்பதால் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸையும் பார்க்காதீர்கள்.

அழுவதற்கென்று வீட்டிலேயே ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980-களில் ஆராய்ந்து பார்த்த முறை ஒன்று உண்டு. மூன்று நான்கு நாள், ஒவ்வொரு நாளும் 15 முதல் 20 நிமிடம், மனதில் இருப்பதைத் திருத்தாமல் எழுதுவது. எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடலாம், ரகசியத்துக்கு ஆபத்தில்லை. காதலிக்குக் கடிதமாக எழுதாதீர்கள், அனுப்பத் தோன்றும். எழுத எழுதத் தாங்க முடியாமல் போனால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது நீதான் என்று அம்மா சொல்வதற்கு இப்போது சரி என்றும் சொல்லாதீர்கள், கோபத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைக்கவும் செய்யாதீர்கள். துக்கத்தின் முதல் மாதங்களில் இந்த இரண்டும் ஒரே வேகத்தில் வாயில் வரும். இரண்டையும் திரும்பப் பெறுவது கஷ்டம். வீட்டில் என்றாவது சொல்லத்தான் போகிறீர்கள் என்றால், துணைக்கு ஒருவர், போய்த் தங்க ஓர் இடம், கையில் உங்கள் சம்பளமும் சான்றிதழ்களும் என்று எல்லாம் ஏற்பாடாக இருக்கும்போது சொல்லுங்கள். இப்போதைக்கு, "தை வரைக்கும் என் கல்யாணப் பேச்சு வேண்டாம்மா" என்று ஒரு கெடு கேட்டு வாங்குங்கள். வெறுமனே வேண்டாம் என்றால் தினமும் கேட்பார்கள். கெடு சொன்னால் அதுவரையாவது விடுவார்கள்.