மழைக்கு ஆறு வாரம் முன்னால்: கூரை, வடிகால், தீவனம், தடுப்பூசி பற்றிய கேள்வி பதில்

பன்னிரண்டு பசு வைத்திருப்பவர்: அக்கா, மழைக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் இருக்கிறது. கூரை, வடிகால், தீவன அறை, தடுப்பூசி எல்லாமே பாக்கி. எதில் ஆரம்பிப்பது?

தடுப்பூசியில். கூரை ஓட்டையை மழைக்கு முந்தின நாள்கூட அடைத்துவிடலாம். ஊசி போட்ட மாட்டின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வர இரண்டு மூன்று வாரம் ஆகும், அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது.

இந்த வாரம் குடற்புழு நீக்கம் செய்யுங்கள். வயிற்றில் புழு நிறைய இருக்கும் மாட்டுக்கு ஊசி சரியாகப் பிடிக்காது. அடுத்த வாரம் தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் போடுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரே ஊசியாகவும் கிடைக்கிறது. கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடுவது, அதனால் கடைசியாகப் போட்ட தேதியைப் பாருங்கள். அதுவும் இப்போது வர வேண்டியிருந்தால், சேர்த்துப் போடுவதா இடைவெளி விடுவதா என்பதை உங்கள் மருத்துவர் கையிலிருக்கும் மருந்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

அதற்கப்புறம் கூரை, பிறகு வடிகால். தீவன அறை கடைசி. கூரையைச் சரிபார்க்காமல் மூட்டைகளை அடுக்கிவிட்டால், ஒழுகும்போது எல்லாவற்றையும் மறுபடி வெளியே எடுக்க வேண்டிவரும்.

எருமை வளர்ப்பவர்: தொண்டை அடைப்பான் எருமைக்கு வருகிற நோய்தானே? பசு மட்டும் வைத்திருப்பவருக்கு ஏன் அதைச் சொல்கிறீர்கள்?

எருமைக்கு அதிகமாக வரும், வந்தால் வேகமாகவும் கொல்லும். அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் பசுவுக்கும் வரும், குறைவாக என்றாலும் ஆட்டுக்கும் வரும். சில மாடுகள் அந்தக் கிருமியைத் தொண்டையில் வைத்துக்கொண்டே நன்றாகத் திரியும். மழையில் நனைந்து, குளிர்ந்து, நீண்ட தூரம் நடந்து களைத்தால் அது தலைதூக்கும். மழைக்காலத்தில் பசு வைத்திருப்பவரும் இந்த ஊசியை விடக்கூடாது.

நான்கு எருமை வைத்திருப்பவர்: போன மழையில் எங்கள் எருமை ஒன்று ராத்திரி நன்றாக இருந்தது, காலையில் செத்துக் கிடந்தது. கழுத்தெல்லாம் வீக்கம். பாம்பு கடித்திருக்கும் என்று புதைத்துவிட்டோம். ஊசி போட்டு அப்போது ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. ஊசியால் இறந்ததா?

உங்கள் இழப்பு புரிகிறது அண்ணா. புதைத்த பிறகு எந்த நோய் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்வதில் தொண்டை அடைப்பானின் சாயல் இருக்கிறது. அதில் திடீரென்று கடுமையான காய்ச்சல் வரும், தாடைக்கும் கழுத்துக்கும் கீழே சூடான, கெட்டியான வீக்கம் வரும், எச்சில் வடியும், மூச்சு கர்கர் என்று இழுக்கும். பல நேரம் ஒரே நாளில் முடிந்துவிடும். வீக்கம் கழுத்தில் இருப்பதால் பாம்புக்கடி என்று நினைப்பது சகஜம்.

ஐந்து நாளில் அந்த ஊசியின் காப்பு வந்திருக்காது. அதனால் ஊசி காப்பாற்றவில்லை என்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஊசிதான் கொன்றது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இனிமேல் இப்படி நடந்தால் புதைப்பதற்கு முன் மருத்துவரைக் கூப்பிடுங்கள். காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் கண்ணாடித் தகட்டில் தேய்த்து எடுத்தால் பல நேரம் விடை கிடைக்கும். நீங்களாக உடலை அறுக்க வேண்டாம். ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பான் போன்ற வேறு நோயாக இருந்தால் மனிதருக்கும் ஆபத்து.

சிமென்ட் ஷீட் கூரை போட்டவர்: ஒரே இடத்தில் சொட்டுகிறது. அதற்கு நேர் மேலே ஏறிப் பார்த்தால் ஓட்டையே இல்லை. எங்கே தேடுவது?

தண்ணீர் உள்ளே நுழையும் இடமும் சொட்டும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. நுழைந்த தண்ணீர் ஷீட்டின் அடிப்பக்கமாகவோ சட்டத்தின் மேலாகவோ சரிவில் ஓடி, எங்கே தடை வருகிறதோ அங்கே விழும். அதனால் சொட்டும் இடத்திலிருந்து மேல் சரிவுப் பக்கம் தேடுங்கள்.

நல்ல உச்சி வெயிலில் கொட்டகைக் கதவுகளை மூடிவிட்டு உள்ளே நின்று பார்த்தால் ஒளிப்புள்ளிகள் தெரியும். தெரியாவிட்டால் ஓஸ் குழாய் பிடியுங்கள். கூரையின் கீழ் விளிம்பிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு வரிசையாக மேலே போக வேண்டும். உள்ளே ஒருவர் நின்று, முதல் சொட்டு விழுந்ததும் குரல் கொடுக்கட்டும். உச்சியிலிருந்து பிடித்தால் தண்ணீர் எல்லா இணைப்பின் மேலும் ஓடிவிடும், எது என்று தெரியாது.

எங்கள் கொட்டகையில் நான் தேடிய மூன்று தடவையும் போல்ட்டின் வாஷர்தான் காய்ந்து வெடித்திருந்தது. வாஷரை மாற்றியதும் நின்றுவிட்டது. மேலே ஏறும்போது ஷீட்டின் மேல் கால் வைக்காதீர்கள், சட்டங்களின் மேல் பலகை போட்டு அதில் நில்லுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் தேய்ப்பது, துளைப்பது, உடைப்பது எதுவும் வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

புதுக் கொட்டகை கட்டியவர்: வாய்க்கால் வெட்டியிருக்கிறேன். ஆனாலும் அரை மணி நேர மழைக்கே தண்ணீர் உள்ளே வந்துவிடுகிறது. வாய்க்காலை இன்னும் ஆழப்படுத்தவா?

முதலில் கூரைக்கு அளவு நாடா பிடியுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் கூரை 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 72 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழைக்கு 3,600 லிட்டர் தண்ணீர் வரும். இரண்டு பக்கச் சரிவு என்றால் ஒவ்வொரு இறவாணத்திலும் 1,800 லிட்டர். அது தரையில் விழுந்து தெறித்து உள்ளே வருவதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இறவாணத் தண்ணீர் விழும் கோட்டைப் பாருங்கள், மண்ணில் வரிசையாகக் குழி விழுந்திருக்கும். வாய்க்கால் அந்தக் கோட்டிலோ அதற்குச் சற்று வெளியிலோ இருக்க வேண்டும். பலர் சுவரை ஒட்டி வெட்டிவிடுகிறார்கள், அங்கே தண்ணீர் விழுவதே இல்லை. கூரை விளிம்பில் தகரக் காடி கட்டி ஒரு மூலையில் இறக்கிவிட்டால் இன்னும் நல்லது.

அப்புறம் ஒன்று. கூரைத் தண்ணீரையும் சாணம், மூத்திரம் ஓடும் காடியையும் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் ஒரே மழையில் எருக்குழி நிரம்பி, அந்தக் கழிவு மாடு நிற்கும் இடத்துக்கே திரும்பி வரும். உள்தரைக்கு 40-க்கு 1 முதல் 60-க்கு 1 வரை சரிவு போதும், அதாவது 3 மீட்டர் தரைக்கு 5 முதல் 7.5 சென்டிமீட்டர். அதைவிடச் செங்குத்தாக்கினால் ஈரத்தில் மாடு வழுக்கும். நாலைந்து வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எங்காவது தேங்கினால் அங்கேதான் குளம்பு அழுகலும் ஆரம்பிக்கும்.

கறவை மாட்டுப் பண்ணைக்காரர்: கடலைப் புண்ணாக்கு மூட்டையின் அடியில் கொஞ்சம் பூசணம். அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டு மீதியை நன்றாக வெயிலில் காயவைத்துப் போடலாம்தானே?

காயவைத்தால் பூசணம் வளர்வது நிற்கும், அது சரி. ஆனால் அது ஏற்கனவே விட்டுப்போன நஞ்சு வெயிலுக்கும் கொதிக்கும் தண்ணீருக்கும் போகாது. அஃப்லாடாக்சின் என்ற அந்த நஞ்சு கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம், பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மூன்றிலும் எளிதாக வரும். மாடு தின்றால் கல்லீரல் பாதிக்கும், அதன் ஒரு பகுதி பாலிலும் இறங்கும். கண்ணுக்குப் பூசணம் தெரியாத கட்டியிலும் அது இருக்கலாம். அந்த மூட்டையை முழுசாக ஒதுக்கிவிடுங்கள். மனசு வராது, தெரியும். ஒரு வருடம் நான் பாதி மூட்டையைக் காப்பாற்றப் பார்த்து, இரண்டு மாடு தீனி எடுக்காமல் பால் வற்றிப்போனது.

நஞ்சு வராமல் பார்ப்பதுதான் நம் கையில் இருக்கிறது. மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல், தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். சுவருக்கும் மூட்டைக்கும் நடுவில் 30 சென்டிமீட்டராவது விடுங்கள், சுவர் ஈரம் உறிஞ்சும்.

மக்காச்சோளம் வாங்கும்போது ஒரு சோதனை செய்யலாம். உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு கைப்பிடி தானியமும் ஒரு ஸ்பூன் நன்கு காய்ந்த உப்பும் போட்டு மூடி, சில நிமிடம் குலுக்கிவிட்டு வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் தானியம் இன்னும் ஈரம், சேமிக்கக் கூடாது.

வைக்கோல் போர் வைத்திருப்பவர்: நான் தார்ப்பாயால் அடிவரை இழுத்து மூடிவிட்டேன், ஒரு சொட்டு இறங்காது.

மேலே மூடியது நல்லது, பக்கங்களை மட்டும் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தார்ப்பாயின் அடியில் பட்டு, சொட்டாகத் திரும்பி வைக்கோலிலேயே விழும். ஒரு இரும்புக் கம்பியைப் போரின் நடுவில் கால் மணி நேரம் செருகி எடுத்துத் தொடுங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் உள்ளே புழுங்குகிறது. அப்படி விட்டால் தானாகவே தீப்பிடிக்கவும் கூடும்.

ஆடு வளர்ப்பவர்: துள்ளுமாரி ஊசி போட்டேன். இப்போது இரண்டு ஆட்டுக்கு மூக்கில் சளி, வாயில் புண், கழிச்சல். ஊசி போலியா?

போலி என்று சொல்ல இது போதாது. துள்ளுமாரி ஊசி துள்ளுமாரியை மட்டும்தான் தடுக்கும். முதல் தடவை என்றால் இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு தவணையும் வேண்டும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஆட்டுக்கொல்லி நோயை நினைவுபடுத்துகின்றன, அதற்கு ஊசி வேறு. அந்த இரண்டையும் இன்றே தனியாகக் கட்டி மருத்துவரை வரச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டியும் தனியாக இருக்கட்டும்.

இன்னொரு பண்ணைக்காரர்: எங்களுக்கு மழை ஆரம்பித்துவிட்டது, ஒரு ஊசியும் போடவில்லை. இனி பயனில்லையா?

போடலாம். ஆனால் முதல் இரண்டு மூன்று வாரம் காப்பு இல்லை என்று நினைத்தே நடக்க வேண்டும். பக்கத்தில் நோய் வந்திருந்தால் ஆரோக்கியமான மாட்டுக்குப் போடுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கிருமி ஏற்கனவே உள்ளே இருக்கும் மாடு எது என்று வெளியிலிருந்து தெரியாது, அதனால் இதில் மருத்துவர்களிடமே ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. அதுவரை காலை மாலை இரண்டு வேளையும் காய்ச்சல் பாருங்கள். புது மாடு எதையும் உள்ளே சேர்க்காதீர்கள், பொதுக் குட்டையில் தண்ணீர் காட்டாதீர்கள். ஊசி மருந்தை வாங்கி வரும்போது ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள், ஆனால் மருந்து உறையக் கூடாது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், உறைந்து கரைந்த புட்டியைப் பயன்படுத்த வேண்டாம்.