பூட்டுப் போடும் அண்ணன்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் டோமினோதான். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு ஜோடி. நாத்தனாரும் அவர் கணவரும் எதிர் ஜோடி. அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஆட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே அண்ணன் ஒரு காயை வைத்து "பூட்டியாச்சு" என்பார். நான்கு பேராலும் அதற்குமேல் வைக்க முடியாது. புள்ளி எண்ணினால் எப்போதும் நாங்கள்தான் தோற்றிருப்போம். "எல்லாக் காயையும் மனசில் எண்ணணும்மா" என்கிறார். 28 காயை எப்படி ஐயா நினைவில் வைப்பது? இன்னொன்று, டபுள் காய்களை முதலிலேயே இறக்கிவிட வேண்டும் என்கிறாரே என் வீட்டுக்காரர், அது சரியா?

ம., கோத்தகிரி

அன்புள்ள ம.,

குன்னூரிலும் மழைதான். கரண்ட் போய் ஒரு மணி நேரமாகிறது, எமர்ஜென்சி விளக்கில் எழுதுகிறேன்.

அண்ணன் 28 காயையும் எண்ணுகிறார் என்று நான் நம்பவில்லை. அவர் எண்ணுவது 7 காயாக இருக்கும். ஒவ்வொரு எண்ணும் சரியாக 7 காய்களில்தான் வருகிறது. 5 என்றால் 5-0, 5-1, 5-2, 5-3, 5-4, 5-5, 5-6. (வெறும் பக்கத்தை 0 என்று எழுதுகிறேன்.) உங்கள் கையில் எந்த எண் அதிகமோ, அதை மட்டும் எண்ணுங்கள். கையில் நான்கு 5 இருந்தால் வெளியே மூன்றுதான், அந்த மூன்றும் எப்போது விழுகின்றன என்று பார்த்தால் போதும். என் பக்கத்து வீட்டில் இருந்த வெலிங்டன் ராணுவக்காரர் ஒருவர்தான் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டு ஒரு காய்க்கு ஒரு விரல் என்று மடக்குவார். நானும் அப்படித்தான் பழகினேன்.

பூட்டு எப்படி விழுகிறது என்பதை ஒரு முழு ஆட்டமாகவே வைத்துப் பார்க்கலாம். நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள், அடுத்து அண்ணன், பிறகு உங்கள் வீட்டுக்காரர், கடைசியில் நாத்தனார். உங்கள் கையில் 5-5, 5-3, 5-1, 5-0, 4-0, 2-1, 1-1. மேசையில் காய்களைப் பரப்பி நகர்த்திக்கொண்டே படித்தால் எளிதாகப் புரியும்.

நீங்கள் 5-5 வைக்கிறீர்கள். அண்ணன் 5-6 வைக்கிறார், முனைகள் 6, 5. உங்கள் வீட்டுக்காரர் 6-3 வைக்கிறார். அவரிடம் 5 இருந்தும் உங்கள் 5-ஐ மூடாமல் விட்டார் என்பது பின்னால் தெரியும். ஆனால் தன் இஷ்டப்படி ஆடிய முதல் காயிலேயே 3-ஐ வெளியே கொண்டுவந்தார் என்பதை இப்போதே மனதில் வையுங்கள். கையில் நிறைய இருக்கும் எண்ணைத்தான் பெரும்பாலும் அப்படித் திறப்பார்கள். நாத்தனார் உடனே 3-4 வைத்து அந்த 3-ஐ மூடுகிறார். நீங்கள் 5-ஐத் தொடாமல் மறுமுனையில் 4-0. அண்ணன் 0-2. முனைகள் 2, 5.

அண்ணன் அங்கே 5-ஐ மூடவில்லை. 5 உங்கள் எண் என்று அவருக்குத் தெரியும், கையில் இருந்தால் மூடியிருப்பார். அவரிடம் இனி 5 இருக்க வாய்ப்புக் குறைவு. இப்போது உங்கள் வீட்டுக்காரர் 2-5 வைத்து இரண்டு முனையையும் 5 ஆக்குகிறார். நாத்தனார் பாஸ். அவரிடம் 5 இல்லை என்று அவரே சொன்னது போலத்தான் அது. பாஸ் என்ற சத்தம் கேட்டதும் முதலில் முனைகளைப் பாருங்கள், அங்கே என்ன எண் இருக்கிறதோ அது அவர் கையில் இல்லை. ஆட்டம் முடியும்வரை மாறாத தகவல் அது.

நீங்கள் 5-1. அண்ணன் 1-4. உங்கள் வீட்டுக்காரர் 4-5. மறுபடியும் இரு முனையும் 5, நாத்தனார் மறுபடியும் பாஸ். ஐந்து 5 வெளியே வந்துவிட்டன. மீதி இரண்டும், 5-3 உம் 5-0 உம், உங்கள் கையில்.

எதை இறக்குவது? ஒன்றை இறக்கினால் ஆறு 5 வெளியே இருக்கும், ஏழாவது உங்களிடம். அப்போது மேசையில் ஒரு முனை 5 ஆகவே நிற்கும், அதில் உங்களைத் தவிர யாராலும் வைக்க முடியாது. மற்ற மூவரும் இன்னொரு முனையில் மட்டும் ஆடியாக வேண்டும். நீங்களோ எப்போதும் பாஸ் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு மட்டும் சாவி உள்ள பின்வாசல் அது. சாவியை அவசரப்பட்டுச் செலவழிக்காமல் கடைசிவரை வைத்திருப்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

நான் 5-3-ஐத்தான் இறக்குவேன். 3 உங்கள் வீட்டுக்காரர் திறந்த எண், அதைத் திரும்ப அவருக்குக் கொடுக்கிறீர்கள். கையில் தங்கும் 5-0 எடையும் குறைவு, 8 புள்ளிக்குப் பதில் 5. முனைகள் 3, 5. அண்ணன் பாஸ்.

இங்கே உங்கள் வீட்டுக்காரரும் எண்ண வேண்டும். ஆறு 5 வெளியே, ஏழாவது 5-0. அது தன்னிடம் இல்லை. நாத்தனார் இரண்டு முறை 5-இல் பாஸ், அண்ணன் இப்போது 3, 5 இரண்டிலும் பாஸ். அப்படியானால் 5-0 உங்களிடம்தான், சந்தேகமே இல்லை. உங்கள் முறை வரும்போது மறுமுனையில் 0 நின்றால் நீங்கள் பூட்டலாம் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். அவர் கையில் 3-0, 3-1, 3-3, 2-2. 3-0 வைத்தால் 0 வரும், ஆனால் நாத்தனார் அதன்மேல் இன்னொரு காய் வைத்து மாற்றிவிடலாம். அதனால் 3-1 வைத்துப் பார்க்கிறார். இது கணக்கு இல்லை, பந்தயம். நாத்தனாரிடம் 1 உள்ள காய் 1-0 மட்டும்தான் இருக்கிறது, வேறு வழியில்லாமல் அதை வைக்கிறார். முனைகள் 0, 5.

இப்போது 0 பக்கத்தில் 0-5. இரு முனையும் 5, ஏழு 5-உம் மேசையில். பூட்டியாச்சு.

ஆனால் அந்தக் காயை வைப்பதற்கு முன் ஒரு நிமிஷம் நிறுத்த வேண்டும். பூட்டினால் கையில் மிச்சமுள்ள புள்ளி குறைவாக இருப்பவர்களுக்குத்தான் வெற்றி. எத்தனை காய் யாரிடம் என்று முதலில் பாருங்கள். பூட்டிய பிறகு உங்களிடம் 2, உங்கள் வீட்டுக்காரரிடம் 3, அண்ணனிடம் 4, நாத்தனாரிடம் 5. உங்கள் பக்கம் 5 காய், அவர்கள் பக்கம் 9. இதுவே பாதி பதில். சந்தேகமாக இருந்தால் மேசையில் உள்ள புள்ளிகளைக் கூட்டுங்கள், அதைத் தடுக்கும் விதி எனக்குத் தெரிந்து இல்லை. மொத்தக் காய்களின் புள்ளி 168. பூட்டும் காயையும் சேர்த்து மேசையில் 88, மிச்சம் 80. உங்கள் கையில் 2-1, 1-1, அதாவது 5. மற்ற மூவரிடம் 12 காயில் 75, காய்க்கு ஆறு புள்ளி சொச்சம். உங்கள் வீட்டுக்காரரின் மூன்று காய்க்கு ஒரு 19 என்று வைத்தாலும் உங்கள் ஜோடிக்கு 24, அவர்களுக்கு 56. தாராளமாகப் பூட்டலாம். திறந்து பார்த்தால் உங்கள் ஜோடி 18, அவர்கள் 62. அண்ணனிடம் 6-6, 6-4, 6-2, 6-1 என்று கனமாகத் தங்கியிருக்கிறது.

காய் எண்ணிக்கை சமமாகவோ உங்கள் பக்கம் அதிகமாகவோ இருந்தால் பூட்ட முடிந்தாலும் புள்ளியைக் கூட்டிப் பார்க்காமல் பூட்டாதீர்கள். சிலர் ஜோடியின் கூட்டுப் புள்ளியைப் பார்ப்பார்கள், சிலர் தனி ஆளில் யாருக்குக் குறைவு என்று பார்ப்பார்கள். உங்கள் வீட்டில் எது என்பதை உட்காரும்போதே பேசிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பூட்டும் முடிவே அதனால் மாறும்.

எண்ணிக்கை தப்பிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்தது இதுதான். ஏழு காயிலும் சேர்த்து 5 எட்டு இடத்தில் இருக்கிறது, 5-5 இல் மட்டும் இரண்டு. சங்கிலிக்குள் 5-உம் 5-உம் ஜோடி ஜோடியாகவே ஒட்டும், ஜோடி சேராதவை முனையில் நிற்கும். அதனால் 5-5 விழுந்த பிறகு, வெளியே உள்ள 5 காய்கள் 2, 4, 6 என்று இரட்டைப்படையாக இருந்தால் சரியாக ஒரு முனையில் மட்டும் 5 இருக்கும். 3, 5, 7 என்று ஒற்றைப்படையாக இருந்தால் இரண்டு முனையிலும் இருக்கும், இல்லையென்றால் இரண்டிலும் இருக்காது. மேலே சொன்ன ஆட்டத்தை ஒவ்வொரு காயாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். "ஆறு வந்துவிட்டது" என்று நினைக்கும்போது ஒரு முனையில்கூட 5 இல்லையா? எங்கோ ஒன்றை விட்டுவிட்டீர்கள், விரலைத் திரும்ப எண்ணுங்கள்.

சரி, அண்ணன் பூட்ட வரும்போது என்ன செய்வது? அவர் எந்த எண்ணைத் திரும்பத் திரும்ப முனையில் நிறுத்துகிறார் என்று கவனித்து அந்த எண்ணை நீங்களும் எண்ணுங்கள். ஆரம்பத்தில் அது உங்கள் கையில் இருந்தால் முனையை மூடிவிடுங்கள். நான்கு ஐந்து காய் விழுந்த பிறகு கதை வேறு. அப்போது உங்களிடம் அந்த எண்ணில் ஒன்று மிஞ்சியிருந்தால் முடிந்தவரை பிடித்து வையுங்கள். அந்த ஒன்று உங்களிடம் இருக்கும்வரை ஏழாவது சாவி அவருக்குக் கிடைக்காது. ஆனால் வைக்கக்கூடிய காய் அது ஒன்றுதான் என்றால் வைத்தாக வேண்டும், கையில் காய் இருக்கும்போது பாஸ் சொல்லக் கூடாது. அதனால் வேறு எண்களையும் கையில் பரவலாக வைத்திருங்கள்.

டபுள் விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் பாதி சரி. டபுள் ஒரே ஓர் எண்ணில்தான் ஒட்டும், அதனால் சிக்கிக்கொள்ளும். அதிலும் 6-6 கையோடு பூட்டு விழுந்தால் 12 புள்ளி போகும். அந்த எண் வேறு காயில் உங்களிடம் இல்லையென்றால் முதல் வாய்ப்பிலேயே இறக்கிவிடுங்கள். கூடவே அதே எண்ணில் மூன்று நான்கு இருந்தால் அவசரமில்லை, அந்த முனையை நீங்களே மறுபடி திறந்துகொள்ளலாம். மேலே உள்ள ஆட்டத்தில் 5-5-ஐ முதலில் வைத்தது வேறு காரணத்துக்காக. 5 என் எண் என்று எதிரே உட்கார்ந்திருக்கும் உங்கள் ஜோடிக்கு, நீங்கள் வாய் திறக்காமல், முதல் காயிலேயே தெரிந்துவிடுகிறது.