உயரம் இரண்டு மடங்கு, எடை எட்டு மடங்கு

கேள்வி: வீட்டில் 6 அங்குலப் பஞ்சலோகப் பிள்ளையார் இருக்கிறார், எடை 2 கிலோ. அதே மாதிரி 12 அங்குலத்தில் கேட்டால் 16 கிலோ வரும் என்கிறார் கடைக்காரர். உயரம் இரண்டு மடங்குதானே, 4 கிலோ போதாதா?

கடைக்காரர் சொன்னது சரி. 16 கிலோதான் வரும்.

நீங்கள் உயரத்தை மட்டும் பார்க்கிறீர்கள். அதே பிள்ளையார் வேண்டுமென்றால் உயரத்தோடு அகலமும் இரட்டிக்க வேண்டும், தொப்பை முன்னால் தள்ளியிருக்கும் அளவும் இரட்டிக்க வேண்டும். உயரம் மட்டும் இரட்டித்தால் 4 கிலோவில் முடித்துவிடலாம், ஆனால் அந்த ஒல்லிப் பிள்ளையாரை நீங்களே வாங்க மாட்டீர்கள். மூன்று திசையிலும் இரண்டு மடங்கு என்றால் 2 × 2 × 2 = 8. இவ்வளவுதான் பதில். ஆனால் சிலை என்ன செங்கல்லா, நீளம் அகலம் உயரம் என்று மூன்றைப் பெருக்க? வளைவும் நெளிவுமாக இருக்கும் உருவத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்குப் பத்தாம் வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணத்திலிருந்து வர வேண்டும்.

பக்கங்கள் 5, 5, 6 செ.மீ உள்ள ஒரு முக்கோணம் வரையுங்கள். 6 செ.மீ பக்கம் அடியில் இருக்கட்டும். உச்சியிலிருந்து அடிக்கு ஒரு குத்துக்கோடு போட்டால் அடி மூன்று மூன்றாகப் பிரியும், குத்துயரம் 4 செ.மீ. பரப்பு, அரை × 6 × 4, அதாவது 12 சதுர செ.மீ. இப்போது பக்கங்களை மட்டும் இரட்டித்து 10, 10, 12 என்று இன்னொன்று வரையுங்கள். இந்த 2தான் அளவுக் காரணி.

கவனியுங்கள், குத்துயரத்தை நாம் தொடவே இல்லை. அது தானாக 8 ஆகிவிடும். ஏன்? மூன்று பக்கமும் ஒரே விகிதத்தில் வளர்ந்ததால் கோணங்கள் மாறவில்லை. குத்துக்கோடு வெட்டித் தரும் அரை முக்கோணத்தை இரண்டு படத்திலும் எடுத்துப் பாருங்கள்: அடியில் அதே கோணம், குத்துக்கோட்டின் காலடியில் 90 பாகை. இரண்டு கோணம் சமமென்றால் மூன்றாவதும் சமம், எனவே அந்தக் குட்டி முக்கோணங்களும் வடிவொத்தவை. பெரியதன் சாய்பக்கம் இரண்டு மடங்கு என்பதால் குத்துக்கோடும் இரண்டு மடங்கு. நடுக்கோடு, கோண இருசமவெட்டி, உள்வட்டத்தின் ஆரம் என்று உள்ளே எந்த நீளத்தை எடுத்தாலும் இதே கதைதான். அடியும் குத்துயரமும் ஆளுக்கு ஒரு 2 கொண்டுவருகின்றன. பரப்பு 48, அதாவது நான்கு மடங்கு. காரணி k என்றால் k².

கண்ணால் பார்க்க வேண்டுமா? ஒரு முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று சம பாகமாக்கி, பக்கங்களுக்கு இணையாகக் கோடுகள் போடுங்கள். மேல் வரிசையில் 1 குட்டி முக்கோணம், அடுத்ததில் 3, கீழே 5. மொத்தம் 9, அதாவது 3². நான்கு பாகமாக்கினால் இன்னொரு வரிசையில் 7 சேர்ந்து 16 ஆகும்.

நேர்கோடுகளால் ஆன எந்த உருவத்தையும் முக்கோணங்களாக வெட்டலாம். ஒவ்வொரு துண்டும் k² மடங்காவதால் மொத்தமும் k² மடங்கு. வளைந்த உருவமென்றால் உள்ளே சின்னச் சின்னக் கட்டங்களாக நிரப்ப வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் மிஞ்சும். கட்டத்தைச் சிறிதாக்கச் சிறிதாக்க அந்த மிச்சம் எவ்வளவு வேண்டுமானாலும் குறையும். கட்டம் ஒவ்வொன்றும் k² மடங்கு பெருகும்போது உருவம் மட்டும் வேறு விதமாக எப்படிப் பெருகும்?

பிள்ளையாருக்கும் இதே வழிதான். உடம்பு முழுவதையும் ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களால் நிரப்பியதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய சிலையில் ஒவ்வொன்றும் 2 மி.மீ கனசதுரமாகிவிடும். அதற்குள் பழைய அளவில் எட்டு அடங்கும், கீழே நான்கு, மேலே நான்கு. துதிக்கையில் இருப்பதும் எட்டாகிறது, காதில் இருப்பதும் எட்டாகிறது. உருவம் எவ்வளவு நெளிந்திருந்தாலும் கவலையில்லை. உலோகம் ஒன்றே என்பதால் எடையும் எட்டு மடங்கு.

(முக்கோணத்தில் செய்த வெட்டு வேலையை முக்கோணக் கூம்பகத்தில் செய்து பார்க்காதீர்கள், அப்படியே வராது. பக்கங்களை இரட்டித்த கூம்பகத்தின் விளிம்புகளை நடுவில் வெட்டினால் மூலைக்கு ஒன்றாக நான்கு சிறிய கூம்பகங்கள் கிடைக்கும், நடுவில் எட்டு முகம் கொண்ட ஒரு துண்டு மிஞ்சும். அந்தத் துண்டின் கன அளவு சரியாக நான்கு சிறிய கூம்பகங்களுக்குச் சமம். கூட்டினால் எட்டுதான்.)

இனி உங்கள் பட்ஜெட். 4 கிலோவுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எவ்வளவு உயரம் கிடைக்கும்? எடை இரண்டு மடங்காக, காரணியின் மும்மடி 2 ஆக வேண்டும். 1.26ஐ மூன்று முறை பெருக்கினால் ஏறக்குறைய 2 வரும். 6 × 1.26 என்றால் சுமார் ஏழரை அங்குலம். விலை இரட்டிக்கும், ஆனால் உயரம் ஒன்றரை அங்குலம்தான் கூடும். 9 அங்குலம் என்றால் காரணி 1.5, அதன் மும்மடி 3.375, எடை 6¾ கிலோ. பாலிஷ் போடுவதும் முலாம் பூசுவதும் மேற்பரப்பைப் பொறுத்தவை, எனவே 12 அங்குலச் சிலைக்கு அவை நான்கு மடங்குதான் ஆகும்.

இந்தக் கணக்கு சறுக்கும் இடங்களும் உண்டு. சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து வார்க்கும் சிலைகள் மரபுப்படி உள்ளே பொள்ளல் இல்லாமல் கெட்டியானவை. அவற்றுக்கு எட்டு மடங்கு சரியாகப் பொருந்தும். உள்ளே பொள்ளலாக வார்த்த சிலையில், தகட்டின் தடிமன் மாறாமல் உருவம் மட்டும் இரட்டித்தால், எடை மேற்பரப்பைப் பின்தொடரும். கிட்டத்தட்ட நான்கு மடங்குதான் வரும். ஆகவே ஒருவர் 12 அங்குலச் சிலையை 8 கிலோ என்று கொடுத்தால் உடனே டேப்பை எடுத்து அகலத்தையும் முன்பின் அளவையும் பாருங்கள். அவையும் இரட்டித்திருந்தால் சிலை உள்ளே பொள்ளல், அல்லது உலோகம் வேறு. இரட்டிக்கவில்லை என்றால் உருவமே வேறு, உங்கள் 2 கிலோவோடு ஒப்பிட முடியாது.

இன்னொன்று, 12 அங்குலம் பீடத்தோடா, பீடம் இல்லாமலா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வீட்டுச் சிலையை எப்படி அளந்தீர்களோ அப்படியே இதையும் அளக்க வேண்டும். உயரத்தில் அரை அங்குலம் கூடி 12½ ஆனால்கூட 16 கிலோ 18ஐத் தாண்டிவிடும், காசும் கிலோ கணக்கில்தான் கொடுக்கப்போகிறீர்கள்.