இரண்டாவது வால் செய்யும் மாற்றம்

செல் சவ்வை ஆக்கும் கொழுப்பு மூலக்கூறான பாஸ்போலிப்பிட், நீரில் சோப்பு மாதிரி உருண்டையாகத் திரளாமல் ஏன் இரட்டை அடுக்காகிறது?

காரணம் வடிவம்தான். அதன் முதுகெலும்பான கிளிசராலின் இரண்டு கார்பன்களில் நீரை வெறுக்கும் கொழுப்பு அமில வால்கள், மூன்றாவதில் நீரை நாடும் பாஸ்பேட் தலை. சோப்புக்கு ஒரே வால் என்பதால் கூம்பு வடிவம்; கூம்புகள் சேர்ந்தால் உருண்டை. இன்னொரு வால் சேர்ந்தால் நீளம் மாறாது, வால்பகுதியின் பருமன் மட்டும் இரட்டிக்கும். உருண்டையின் ஆரமோ வால் நீளத்தைத் தாண்ட முடியாது. எனவே உருண்டையானால் ஒவ்வொரு தலைக்கும் இருமடங்கு பரப்பு கிடைத்து, இடைவெளியில் நீர் வால்களைத் தொடும். தட்டையான இரட்டை அடுக்கில் தலைகள் நெருங்கியே நிற்கலாம்.

சரி, ஒரு வாலை வெட்டினால்? பாம்பு நஞ்சிலுள்ள பாஸ்போலிப்பேஸ் ஏ2 நொதி அதைத்தான் செய்கிறது. மிஞ்சும் ஒற்றைவால் லைசோலெசித்தின் நீரில் உருண்டையாகத் திரளும். சிவப்பணுச் சவ்வில் அது மிகுந்தால் அணுவே உடைந்துவிடும்.