குளிர் தொப்பி காத்த முடியும், காக்காத உச்சியும்

கேள்வி: அடுத்த வாரம் எனக்கு கீமோ ஆரம்பிக்கிறாங்க. முடி கொட்டாம இருக்க குளிர் தொப்பி போட்டுக்கிறீங்களான்னு கேட்டாங்க. அது உண்மையிலேயே வேலை செய்யுதா? கொட்டிப் போனா திரும்ப எப்படி வளரும்?

பதில்:

வேலை செய்யும். ஆனால் எந்த மருந்து ஏற்றுகிறார்கள், தொப்பி உங்கள் மண்டையோடு எவ்வளவு ஒட்டி உட்காருகிறது என்ற இரண்டையும் பொறுத்துத்தான். எனக்கு மார்பகப் புற்றுநோய். டோசிடாக்ஸெல், சைக்ளோபாஸ்பமைடு இரண்டையும் 21 நாளுக்கு ஒருமுறை, மொத்தம் 4 சுற்று ஏற்றினார்கள். நான்கு முறையும் தொப்பி போட்டுக்கொண்டேன். பக்கவாட்டிலும் பின்தலையிலும் முடி நின்றுவிட்டது. உச்சியில் உள்ளங்கை அளவுக்கு முழுசாகப் போய்விட்டது. அதனால் நீங்கள் கேட்ட இரண்டுக்குமே என் தலையிலேயே பதில் இருக்கிறது.

தலைமுடியில் பத்தில் ஒன்பது பங்கு எப்போதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதன் வேரில் உள்ள செல்கள் வேகமாகப் பிரிகின்றன. வேகமாகப் பிரியும் எதையும் தாக்குவதுதான் கீமோ மருந்தின் வேலை என்பதால் அவையும் அடிபடுகின்றன. வேரிலிருந்து எழும்பும் முடி மெலிந்து, தோலுக்குள்ளேயே பலவீனமாகிறது. அந்த மெலிந்த பகுதி மேலே வந்து முறிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். முதல் ஊசிக்கு மறுநாள் ஒன்றும் கொட்டவில்லை என்று நிம்மதி அடைய முடியாததற்கு இதுதான் காரணம். மருந்து ஏறும் நேரத்தில் மண்டைத்தோலைக் குளிர்வித்தால் அங்குள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி, வேருக்குப் போய்ச் சேரும் மருந்து குறைகிறது. குளிரில் செல்களும் மந்தமாகி, வந்த மருந்தையும் குறைவாகவே உள்ளே இழுக்கின்றன.

மருந்து தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்பே எனக்குத் தொப்பியை மாட்டிவிட்டார்கள். முதலில் தலைமுடியை நனைத்து, கண்டிஷனர் தடவி, பின்பக்கமாக வாரிவிட்டார்கள். ஈர முடி குளிரை நன்றாகக் கடத்தும். நெற்றியிலும் காது மடலிலும் பஞ்சுத்துணி வைத்தார்கள். உள்ளே குளிர்ந்த திரவம் ஓடும் மெல்லிய சிலிக்கோன் தொப்பி. அதை அழுத்திப் பிடிக்க மேலே இன்னொன்று, தாடைக்குக் கீழே பட்டை. முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் கொடுமை. நெற்றி விண்விண்ணென்று தெறித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மரத்துப்போனது. போர்வையும் கெட்டிக் காலுறையும் கொண்டுபோங்கள். தலைவலி வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே மாத்திரை தரச் சொல்லிக் கேளுங்கள். மருந்து ஏறி முடிந்த பிறகும் எனக்கு 90 நிமிடம் தொப்பி இருந்தது. இந்த நேரம் மருந்துக்கு மருந்து மாறும். முடிந்ததும் உடனே இழுத்துக் கழற்றக் கூடாது. உறைந்த முடி தொப்பியோடு ஒட்டியிருக்கும்; அது இளகச் சில நிமிடம் விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

என் உச்சி போனதற்குக் காரணம் முதல் சுற்றிலேயே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அடர்த்தியான முடி, அதனால் சற்றுப் பெரிய அளவுத் தொப்பியைப் போட்டார்கள். பக்கங்களில் குளிர் குத்தியது, உச்சியில் மட்டும் சும்மா ஈரமாக இருந்தது. வலிக்காத இடம் இருக்கிறதே என்று அப்போது சந்தோஷப்பட்டேன். கழற்றியபோது காதோரத்திலும் பின்தலையிலும் முடியில் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது, உச்சியில் இல்லை. அங்கே தொப்பிக்கும் தோலுக்கும் நடுவே காற்று நின்றிருக்கிறது என்று இரண்டாம் சுற்றில் வேறொரு செவிலியர் சொல்லி, ஓர் அளவு சிறிய தொப்பியைப் போட்டு மேலிருந்து அழுத்தி உட்கார வைத்தார். ஆனால் அதற்குள், முதல் ஊசி போட்ட 18ஆம் நாள், உச்சி முடி சீப்போடு கற்றையாக வந்துவிட்டது. தயவுசெய்து முதல் சுற்றிலேயே கவனியுங்கள்: தொப்பி போட்ட பத்து நிமிடத்தில் தலையில் குளிர் தெரியாத இடம் எங்காவது இருந்தால் அப்போதே சொல்லுங்கள். உச்சியில்தான் பெரும்பாலும் இடைவெளி விழும்.

தொப்பி போட்டாலும் முடி கொட்டும், அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். 2017இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், நான்கு சுற்று முடிந்தபோது தொப்பி போட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முடி தங்கியது; போடாதவர்களில் ஒருவருக்குக்கூடத் தங்கவில்லை. அங்கே 'தங்கியது' என்றால் கொட்டியது பாதிக்கும் குறைவு என்று பொருள். முழுத்தலையும் அப்படியே இருந்தது என்றல்ல. எனக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கும். வகிட்டை மாற்றி வாரி உச்சியை மறைத்துக்கொண்டேன். டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் ஏற்றுபவர்களுக்குப் பலன் இதைவிட நன்றாகவே குறைவு. அதனால் மருத்துவரிடம் முதலில் உங்கள் மருந்தின் பெயரைக் கேளுங்கள். ரத்தப் புற்றுநோய்களுக்கு இந்தத் தொப்பியைப் போடுவதில்லை. புற்றுச் செல்கள் மண்டைத்தோலில் மருந்துக்குத் தப்பி ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். குளிர் ஒவ்வாமை நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது.

இனி வளர்ச்சி. முடியைத் திரும்ப உண்டாக்கும் மூலச் செல்கள் வேருக்குச் சற்று மேலே, மெதுவாகவே பிரிந்துகொண்டு இருப்பவை. அதனால் மருந்துக்குத் தப்பிவிடுகின்றன. கடைசி ஊசிக்கு ஐந்து வாரம் கழித்து என் உச்சியில் நிறமே இல்லாத பூனைமுடி முளைத்தது. கண்ணாடியில் தெரியவில்லை, விரலுக்குத்தான் தெரிந்தது. மூன்றாம் மாதம் சாம்பல் நிறத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் நிஜ முடி. அதன்பின் மாதம் ஒரு சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தது. ஆறாம் மாதம் உச்சியில் சுருட்டையும், சுற்றிலும் பழைய நேர்முடியுமாக, ஒரே தலையில் இரண்டு பேர் முடி. நிறம் தரும் செல்கள் மெதுவாகவே மீள்வதால் முதலில் நரைபோல வருகிறது. முடி முளைக்கும் பையின் வடிவம் சற்று மாறியிருப்பதால் சுருள்கிறது. பலருக்கும் இப்படித்தான். எனக்கு ஒரு வருடத்துக்குப் பிறகு வேர்ப்பக்கம் கறுப்பாக, நேராக வரத் தொடங்கியது. சுருட்டை நுனிகளை வெட்டிவிட்டேன்.

கீமோ முடிந்து ஆறு மாதமாகியும் மண்டைத்தோல் தெரிகிற அளவுக்கே முடி இருந்தால் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். டோசிடாக்ஸெல் ஏற்றிய சிலருக்கு நிரந்தரமாகவே அடர்த்தி குறைவது உண்டு. பின்னர் எடுக்கும் லெட்ரோசோல், டாமோக்சிஃபென் போன்ற ஹார்மோன் மாத்திரைகளாலும் முடி மெலியலாம்.

கீமோ நடக்கும்போது வாரம் இரண்டு முறை மட்டும், மிதமான ஷாம்பூ போட்டு, வெதுவெதுப்பான நீரில் அலசினேன். சூடான காற்று, சாயம் எதுவும் வேண்டாம். கொட்டிய முடி சிக்காகிக் கிடந்தால் நல்ல முடியையும் இழுத்துக்கொண்டு போகும், அதனால் அகலப் பல் சீப்பால் தினமும் நுனியிலிருந்து மேல்நோக்கி மெல்ல எடுங்கள். புருவத்தையும் இமைமுடியையும் தொப்பி காக்காது. எனக்கு மூன்றாம் சுற்றுக்குப் பிறகு இரண்டும் உதிர்ந்தன. தலைமுடிக்கு முன்பே திரும்ப முளைத்தும்விட்டன.